டீசல் விலை ஏறினால் லொறி வாடகையை எப்படித் திருத்துவது: பரந்தனிலிருந்து எங்கள் கணக்கு

அண்ணாவிடம் இரண்டு லொறி. கணக்கு, பில், கடிதம் எல்லாம் என் பொறுப்பு. பரந்தன் பக்கத்து மில்லில் இருந்து கொழும்பு நிறுவனம் ஒன்றின் களஞ்சியத்துக்கு அரிசி ஏற்றும் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் எங்களுக்குக் கிடைத்தது. அந்த வருடம் டீசலுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 121 ரூபாயில் தொடங்கிய லீற்றர், ஜூன் கடைசியில் 460ல் நின்றது. வாடகையைத் திருத்தும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்ததால்தான் லொறியை விற்காமல் தப்பினோம். ஆனால் பிரிவு இருந்தும் மூன்று இடத்தில் காசு கைநழுவப் பார்த்தது. லொறி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்தது லீற்றரை அளந்தது. பத்துத் தொன் பாரத்தோடு போய், வெறுமையாகத் திரும்பி வர எவ்வளவு டீசல் போகிறது? அண்ணா 'நூற்றைம்பது வரும்' என்று வாயால் சொல்வார். வாய்க்கணக்கை ஒப்பந்தத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கிளிநொச்சி செட்டில் டாங்கியை வாய் வரைக்கும் நிரப்பி, போய் வந்த பிறகு அதே செட்டில், அதே பம்பில், மறுபடி வாய் வரைக்கும் நிரப்பினோம். வழியில் அடித்ததோடு இந்தக் கடைசி நிரப்பலையும் சேர்த்தால் ஒரு ட்ரிப்பின் செலவு வரும். மூன்று ட்ரிப்பில் 148, 153, 149. சராசரி 150. அண்ணாவின் வாய்க்கணக்கு சரிதான், ஆனால் இப்போது அதற்குச் சாட்சியாக பில் இருந்தது.

நாங்கள் றேட் கொடுத்தது 2021 டிசம்பர் தொடக்கத்தில். அப்போது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஓட்டோ டீசல் லீற்றர் 111 ரூபா. 150 லீற்றருக்கு 16,650 ரூபா. நாங்கள் கேட்ட வாடகை ட்ரிப்புக்கு 45,000. அதில் டீசலின் பங்கு 37%. சம்பளம், டயர், ஒயில், லீசிங், எங்களுக்கு மிஞ்சுவது எல்லாம் மற்ற 63%க்குள்.

ஒப்பந்த வரைவு ஜனவரியில் வந்தது. டிசம்பர் கடைசியில் டீசல் 121 ஆகியிருந்தது. வரைவில் வாடகை 45,000, டீசல் பங்கு 37%, அடிப்படை விலை 121 என்று இருந்தது. கையெழுத்து வைக்கிற நாளின் விலையைப் போடுவதுதான் வழக்கம் என்றார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 45,000 என்ற தொகை 111 ரூபா டீசலில் பிறந்தது. 121ஐ அடிப்படை ஆக்கினால் முதல் பத்து ரூபாயை நாங்களே விழுங்க வேண்டும். அதோடு இன்னொன்றும் நடக்கும். 16,650ஐ 121ஆல் வகுத்தால் 137.6 லீற்றர்தான் வரும். அதாவது எங்கள் லொறி 150 லீற்றர் குடிக்க, ஒப்பந்தம் 137.6 லீற்றருக்குத்தான் விலையேற்றம் தரும். டீசல் 176 ஆனபோது இந்த இரண்டும் சேர்ந்து ட்ரிப்புக்கு 2,182 ரூபா குறைத்திருக்கும்.

பங்கையும் வாடகையையும் பெருக்கி அடிப்படை விலையால் வகுத்துப் பாருங்கள். வருவது உங்கள் லொறியின் உண்மையான லீற்றர் இல்லை என்றால், மூன்றில் ஏதோ ஒன்று பிழை. நாங்கள் இரண்டு வழி கேட்டோம். ஒன்று, வாடகையை 46,500 ஆக்கி, பங்கையும் அதற்கேற்பத் திருத்தி, 121ஐ அடிப்படையாக வைக்கலாம். அல்லது 45,000ஐ அப்படியே வைத்து அடிப்படையை 111 ஆக்கலாம். வாடகைத் தொகை ஏற்கெனவே அங்கீகாரம் ஆகிவிட்டது என்பதால் அவர்கள் இரண்டாவதற்குச் சம்மதித்தார்கள்.

அதே வேளையில் இன்னும் இரண்டு சொல் சேர்த்தோம். விலை 5% தாண்டி மாறினால் வாடகை திருத்தப்படும் என்று இருந்த இடத்தில், 'மாற்றம் முழுவதற்கும்' என்று எழுதுவித்தோம். இல்லாவிட்டால் முதல் 5% எங்கள் தலையில் என்று வாசிக்க இடமிருந்தது. எந்த விலை என்பதற்கு 'பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஓட்டோ டீசல் சில்லறை விலை' என்று பெயர் சொல்லி எழுதினோம். 2022 தொடக்கத்தில் கூட்டுத்தாபனமும் ஐஓசியும் ஒரே விலையில் விற்கவில்லை, அதனால் இது வீண்வேலை ஆகவில்லை.

கடைசியில் எங்கள் பிரிவு இப்படி நின்றது:

```
புதிய வாடகை = 45,000 × [1 + 0.37 × (இன்றைய விலை − 111) ÷ 111]
```

இதைச் சுருக்கினால் 45,000 + 150 × (இன்றைய விலை − 111). மனதாலேயே போடலாம். ஜனவரி முதல் ட்ரிப்புக்கு 46,500. மார்ச்சில் டீசல் 176 ஆனது, வித்தியாசம் 65 ரூபா, வாடகை 54,750. தகராறு இல்லாமல் காசு வந்தது.

ஏப்ரலில் 289 ஆனது. நான் 71,700க்கு பில் அனுப்பினேன். அவர்கள் அனுப்பியது 67,756. எங்கே பிழை என்று இரவெல்லாம் தேடினேன். ஒவ்வொரு கூட்டலும் சரி. விடிந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தொடங்கிய இடமே வேறு. 45,000ஐயும் 111ஐயும் விட்டுவிட்டு, மார்ச்சில் கொடுத்த 54,750ஐயும் 176ஐயும் அடிப்படையாக எடுத்து, அதில் 37% போட்டிருக்கிறார்கள்.

அது ஏன் பிழை? டீசல் 176ல் இருக்கும்போது 150 லீற்றருக்கு 26,400 ரூபா. அது 54,750ல் 48%. டீசல் ஏற ஏற வாடகையில் அதன் பங்கும் ஏறும், மற்றச் செலவு அப்படியே நிற்கும். 37% என்பது 45,000க்கு மட்டும் உரிய பங்கு. அதை ஏறிய வாடகையின் மேல் வைத்தால் லீற்றர் குறைந்துவிடும்.

தொலைபேசியில் கணக்காளரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆனாலும், "பிள்ளை, போன மாதத்து றேட்டுக்கு மேலதானே இந்த மாதம் கூட்டவேணும்?" என்றார்.

"ஐயா, விலை இடையில 176ல நிக்காமல் ஒரேயடியா 111ல இருந்து 289க்குப் போயிருந்தா உங்கட கணக்கில எவ்வளவு வரும்? ஒருக்கா போட்டுப் பாருங்கோ" என்றேன்.

கல்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. "71,700" என்றார்.

"இண்டைக்கும் அதே 289தானே ஐயா. இடையில ஒரு தரம் நிண்டதுக்காக வாடகை எப்படிக் குறையும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எழுதி அனுப்புங்கோ, நான் மேலே காட்டுறன்" என்றார். ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். மேலே பிரிவின் வாசகம், கீழே இரண்டு வழிக் கணக்கும் பக்கத்துப் பக்கம், அதன் கீழ் அதுவரை ஓடிய ஏழு ட்ரிப்பின் திகதி. ட்ரிப்புக்கு 3,944 வீதம் 27,608 ரூபா நிலுவை. இரண்டு கிழமையில் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பில்லின் தலையிலும் 'அடிப்படை 45,000 / 111' என்று எழுதத் தொடங்கினேன்.

மூன்றாவது சிக்கல் நேரத்தால் வந்தது. மே 24 அதிகாலை 3 மணிக்கு டீசல் 289ல் இருந்து 400க்குப் போனது. எங்கள் லொறி ஒன்று 23ஆம் திகதி பின்னேரமே மில்லுக்குள் நின்றது. மின்வெட்டால் ஏற்றி முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. மில் கொடுத்த சீட்டில் 24 என்று திகதி. ட்றைவர் படுத்து எழும்பி ஐந்து மணிக்கு வெளிக்கிட்டார். பிரிவில் இருந்தது 'ஏற்றிய நாளின் விலை' என்பது மட்டும்தான். சீட்டின்படி 400 ரூபா, வாடகை 88,350. ஏற்றத் தொடங்கிய நாள் 23, ஆகவே 71,700 என்றது நிறுவனம். ஒரே ட்ரிப்பில் 16,650 ரூபா வித்தியாசம்.

சீட்டைக் காட்டி அடம்பிடித்திருக்கலாம். ஆனால் அந்த லொறியின் டாங்கியில் கிடந்த 90 லீற்றர் 289 ரூபாய்க்கு அடித்தது. செட் பில் என் கையிலேயே இருந்தது. திரும்பும் வழியில் 60 லீற்றர்தான் 400க்கு அடித்தார். இரண்டு பில்லையும் அனுப்பி, இரண்டு விலையிலும் அடிப்படை 111ஐக் கழித்து, 90 லீற்றருக்கு 178 ரூபா வீதம் 16,020, 60 லீற்றருக்கு 289 ரூபா வீதம் 17,340, 45,000ஓடு சேர்த்து மொத்த வாடகை 78,360 என்று கேட்டேன். மறுகதை இல்லாமல் தந்தார்கள். பிறகு 'லொறி மில் வாசலை விட்டு வெளியேறும் நேரத்தில் உள்ள விலை' என்று பிரிவைத் திருத்தி, சீட்டில் நேரமும் போட மில்லில் சொல்லிவைத்தோம். விலை எந்த மணிக்கும் மாறலாம் என்றிருந்த நாட்களில் திகதி மட்டும் போதவில்லை.

இந்தப் பிரிவால் முடியாததையும் சொல்ல வேண்டும். ஜூனில் 460 என்பது போர்டில் எழுதிய விலை. அந்த விலைக்கு டீசல் எடுக்க அண்ணா இரண்டு இரவு, மூன்று இரவு என்று வரிசையில் கிடந்தார். வெளியில் கேட்ட விலைக்கு வாங்கினால் அதற்கு பில் இல்லை, பிரிவில் இடமும் இல்லை. லொறி ஓடாமல் நின்ற நாளுக்கும் லீசிங் கட்டினோம். மற்ற 28,350 ரூபா அசையவே இல்லை, டயர் விலையோ டொலரோடு சேர்ந்து ஏறியது. டீசல் பிரிவுக்குள் டயரையும் திணித்துக் கேட்டால் சரியான கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று நினைத்து, அதை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்துக்குத் தனியாக ஒதுக்கி வைத்தேன்.

2023 மார்ச் கடைசியில் டீசல் 405ல் இருந்து 325க்கு இறங்கியது. வாடகை 89,100ல் இருந்து 77,100. அவர்கள் கேட்குமுன் அடுத்த ட்ரிப்பின் பில்லை நானே 77,100க்கு அனுப்பினேன். அண்ணாவுக்கு முகம் கொஞ்சம் வாடியது, பன்னிரண்டாயிரம் சின்னக் காசில்லை. அன்று பின்னேரம் கணக்காளர் எடுத்தார். "பில் கிடைச்சது பிள்ளை. டயர் கணக்கு ஒண்டு இருக்கெண்டு சொன்னனீங்கள், அதையும் எழுதி அனுப்புங்கோ" என்றார்.