மாணவரின் கட்டுரையிலிருந்தே கோடிட்ட இடங்கள்

கோத்தகிரிப் பக்கம் பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் நாங்கள், வீட்டில் எழுதி வரும் கட்டுரைகள் மாணவர் தாமே புரிந்து எழுதியவையா என்று இப்படித்தான் சோதிக்கிறோம். கட்டுரையில் சுமார் 200 சொற்கள் வரும் தொடர்ச்சியான பகுதியை எடுத்து, முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் அப்படியே விட்டு, நடுவில் ஐந்தாவது சொல் ஒவ்வொன்றையும் எடுத்துவிடுவோம். ஒரு பகுதி படிக்க எளிதா என்று அளக்க 1953இல் வில்சன் டெய்லர் அறிமுகப்படுத்திய க்ளோஸ் முறைதான் இது. இங்கே நிரப்புபவர் எழுதியவரே.

தமிழில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் சிக்கல் வரும். ‘பரவி வருகிறது’ என்பதில் ‘வருகிறது’ போனால் கட்டுரையைப் பார்க்காதவர்கூட நிரப்பிவிடுவார். அதனால் துணைவினை, எண், ஊர்ப்பெயர், ‘மற்றும்’ போன்றவை மாட்டினால் அடுத்த சொல்லுக்கு நகர்கிறோம். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ‘ஈரத்தைத் தக்கவைக்கும்’ என்பதில் இரண்டாம் சொல்லை எடுத்துவிட்டு ‘ஈரத்தைத் ____’ என்று விட்டால், அந்த ‘த்’ விடையின் முதலெழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றையும் சேர்த்து எடுத்து ‘ஈரத்தை ____’ என்றுதான் அச்சடிக்க வேண்டும். கோடுகளின் நீளமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கட்டுரை வாங்கி ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றி 25 நிமிடம் தருகிறோம். அன்றே வைத்தால் நினைவாற்றலைத்தான் சோதித்ததாகும். அதே தாளை அந்தக் கட்டுரையைப் படித்திராத ஒரு வகுப்புத் தோழரிடமும் கொடுக்கிறோம். எழுதியவர் தோழரைவிடத் தெளிவாக முந்தியிருக்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

திருத்தும்போது இரண்டு கணக்கு: அதே சொல், பொருள் பொருந்தும் சொல். வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகள் பலர் வேறு சொல் போடுவார்கள். அதைத் தவறென்று வெட்டினால் அநியாயம்.

சோலையும் புல்வெளியும் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்த கட்டுரையில் 30 இடங்கள். அவளுக்கு அதே சொல் 11, தோழிக்கு 10. அந்த ஒரு மதிப்பெண் வித்தியாசத்தைவிட விடைகள்தான் அதிகம் சொல்லின. ‘மலைச்சரிவில் ஓடைகள் ____’ என்ற இடத்தில் ‘குன்றின’வுக்குப் பதில் ‘குறைந்தன’ போட்டிருந்தாள், அது சரி. ‘சீகை மரங்களால் மண்ணின் நீர்ப்பிடிப்பு ____’ என்ற இடத்தில் ‘நலிவுற்றது’ இருந்தது. அவள் ‘அதிகரித்தது’ என்று எழுதினாள். இலக்கணம் பொருந்துகிறது, பொருள் நேர்த் தலைகீழ். சொல்லை மறந்தவர் அதே திசையில்தான் வேறு சொல் தேடுவார். எதிர்த்திசையில் போனால் அந்த வாக்கியம் புரியவில்லை என்று பொருள்.

அதை வைத்து மட்டும் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. பதற்றத்திலும் இப்படி நடக்கும். காப்பியடித்ததை மனப்பாடம் செய்தவரோ நன்றாகவே நிரப்பிவிடுவார். ஆகவே தடுமாறிய மூன்று வாக்கியங்களை மட்டும் எடுத்து, “இதை உன் பேச்சில் சொல்லும்மா” என்று கேட்கிறோம். நலிவுற்றது என்பது வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த சொல் என்றாள். பொருளை விளக்கியதும், “சீகை வந்த பிறகு மண்ணுல தண்ணி நிக்கிறது குறைஞ்சு போச்சு, அதானே சார்?” என்றாள். அந்த வாக்கியத்தையே எழுத்து நடைக்கு மாற்றிக் கட்டுரையில் சேர்க்கச் சொன்னோம்.