ஒரே ஒரு மெயில், சி.சி. இல்லாமல்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் ஒருவரோடு மனத்தாங்கல் என்றால், மேலாளர் நடுவில் உட்கார்ந்து நடத்தும் சமாதானக் கூட்டத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு நடந்தது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. "ரெண்டு பேரும் குடும்பம் மாதிரி, இதெல்லாம் எதுக்கு?" என்றார் மேலாளர். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் "எனக்கு ஒண்ணுமில்லீங்க சார்" என்றார். நானும் அதையே சொன்னேன். கதவைத் தாண்டியதும் அவர் இடப்பக்கம் போனார், நான் வலப்பக்கம் போனேன். அந்தக் கூட்டத்தால் நடந்தது ஒன்றுதான்: எங்களுக்குள் ஆகாது என்பது அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அவர் ஸ்டோர்ஸ். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் சேர்ந்த புதிதில் "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார், நானும் அண்ணா என்பேன். 2024 ஏப்ரல் வாக்கில் அது "மேடம்" ஆனது. சரி என்று நானும் "சார்" போட ஆரம்பித்தேன். அப்புறம் அதுவும் போய், ஸ்டோர்ஸ் பையன் வழியாகத்தான் எல்லாம். "அக்கவுண்ட்ஸ்ல கேக்கறாங்க", "ஸ்டோர்ஸ்ல இல்லைங்கறாங்க" என்று அந்தப் பையன் நடந்த நடைக்குத் தனியாகவே சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

சண்டைக்குக் காரணம் ஜி.ஆர்.என்., அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்கு ஸ்டோர்ஸ் போடும் ரசீது. சரக்கு கேட்டுக்குள் வந்தால் செக்யூரிட்டி இன்வர்டு போடுவார், செக்கிங் முடிந்து ஸ்டோர்ஸ் ஜி.ஆர்.என். போட வேண்டும். அது விழாமல் எங்கள் சாப்ட்வேரில் பில் ஏற்ற முடியாது. சப்ளையர் ஒழுங்காக ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டிருப்பார், 14-ம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி பட்டியலில் பில் வந்து நிற்கும், எங்கள் கணக்கில் மட்டும் இருக்காது. 20-ம் தேதிக்குள் எங்கள் மாத ரிட்டர்னான 3பி போட வேண்டிய எனக்கு அந்த ஆறு நாளும் வயிற்றில் புளி. இதிலும் எல்லா பில்லும் தாமதமாவதில்லை. சாயத்துக்குப் போய் வந்த துணி பில்கள்தான் நிற்கும், அதுவும் சில பட்டறைகளுடையது மட்டும். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது?

வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்த்தேன். நீல டிக் விழும், பதில் வராது. ஆபீஸ் மெயிலில் "as per my trailing mail" என்று ஆரம்பித்து நாலு வரி அனுப்பினால், "noted" என்று ஒரே வார்த்தை வரும். இந்த வகை மெயில் எல்லாவற்றிலும் சி.சி.யில் யாராவது பெரியவர் இருப்பார். அப்படி இருக்கும்வரை எழுதுபவரும் அவருக்காகத்தான் எழுதுகிறார், பதில் போடுபவரும் அவருக்காகத்தான் போடுகிறார்.

2025 மார்ச்சில் விஷயம் முற்றியது. பிப்ரவரி 3-ம் தேதி ஒரு சாயப்பட்டறையிலிருந்து துணி வந்திருந்தது. நாங்கள் அனுப்பியது 1,000 கிலோ கிரே துணி. சாயத்தில் 6 சதவீதம் எடை குறையும் என்று பேச்சு, அதாவது 940 கிலோ திரும்ப வர வேண்டும். வந்தது 912. பட்டறைக்காரர் சிறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருப்பவர். எங்கள் ஆர்டரில் பணம் கொடுக்க 45 நாள் கெடு என்று எழுதியிருக்கிறது. மார்ச் 15 சனிக்கிழமை அவர் போன் செய்து, "20-ம் தேதியோட 45 நாள் முடியுதுங்க, பில்லே ஏத்தலைனு சொல்றீங்க?" என்று சத்தம் போட்டார்.

அவர் சொன்னது சரி. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிறு நிறுவனத்துக்கான கெடு சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நாம் ஜி.ஆர்.என். போட்ட நாளிலிருந்து அல்ல. எங்கள் சாப்ட்வேரோ ஜி.ஆர்.என். தேதியிலிருந்துதான் எண்ணும். மார்ச் 17-ம் தேதி ஜி.ஆர்.என். போட்டால் மே 1 வரை நேரம் இருக்கிறது என்று பச்சையில் காட்டும். அதை நம்பி ஏப்ரலில் பணம் கொடுத்தால், 43பி(எச்) பிரிவின்படி அந்தச் செலவை 2024-25 வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். தாமதத்துக்கு வட்டியும் உண்டு, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. சரக்கில் குறை என்றால் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். போனில் சொன்னது கணக்கில் வராது.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். முதலில் அடித்தது பெரிய குற்றப்பத்திரிகை. எந்த பில், எத்தனை நாள் தாமதம் என்று எக்செல் வேறு இணைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது இது மேலாளருக்கு எழுதிய கடிதம் போலவே இருந்தது, அண்ணன் பெயரை மட்டும் மேலே போட்டது போல. அத்தனையையும் அழித்துவிட்டுத் தமிழில் அடித்தேன். போனது இதுதான்:

"அண்ணா, பிப்ரவரி 3-ம் தேதி வந்த சாயத் துணிக்கு ஜி.ஆர்.என். இன்னும் விழவில்லை. 20-ம் தேதிக்குள் பணம் போயாக வேண்டும். இது வேலை விஷயம். இன்னொன்று இருக்கிறது. போன வருடத்திலிருந்து என் பில்களை நீங்கள் வேண்டுமென்றே பிடித்து வைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. பேத்தி காதுகுத்துக்கு ஆபீஸில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு என் டேபிளைத் தாண்டிப் போனீர்கள். அது எனக்கு வலித்தது. நான் நினைப்பது தப்பென்றால் தப்பென்று சொல்லுங்கள். சரியென்றால் காரணத்தைச் சொல்லுங்கள். இது உங்களுக்கு மட்டும் போகிறது, வேறு யாருக்கும் காப்பி இல்லை."

சனிக்கிழமை மாலை இப்படி ஒன்றை அனுப்பாதீர்கள் என்பது என் அனுபவ அறிவுரை. ஞாயிறு முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள்.

இரவு பதில் வந்தது. பட்டென்று இருந்தது.

"மேடம், மாசம் தவறாம 15-ம் தேதி ஸ்டோர்ஸ் பெண்டிங்னு லிஸ்ட் போட்டு ஓனருக்குக் காப்பி வைக்கறது நீங்க. நான் கேக்கற எடை அப்ரூவலைப் போடாம வெச்சிருக்கறதும் நீங்க. நான் பிடிச்சு வெச்சிருக்கேன்னா என்ன சொல்றது? கோபம் இல்லீங்க, வருத்தம். ஓனர்கிட்ட என்னை மாட்டி விடறவங்க டேபிள்ல பத்திரிகை வைக்க மனசு வரலை. நாளைக்குக் காலையில வர்றேன், பேசலாம்."

நான் அப்படி எந்த லிஸ்டும் அனுப்பியதில்லை. அப்ரூவல் என்று ஒன்று என் திரைக்கு வந்ததே இல்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்கிறார் என்று.

திங்கள் காலை போனைக் கொண்டுவந்து காட்டினார். மெயில்கள் வரிசையாக இருந்தன. அனுப்புநர் இடத்தில் என் பெயர், சி.சி.யில் ஓனர். தலைப்பே "Stores Pending" என்று. நேரத்தைப் பார்த்தேன். எல்லாம் காலை 6:00. சரியாக 6:00, ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லை. நான் ஆபீஸ் வருவது ஒன்பதரைக்கு. "ஆறு மணிக்கு எங்க வீட்டுல பால்கூட வந்திருக்காதுண்ணா" என்றேன். அவரும் போனை வாங்கி மறுபடி பார்த்தார்.

2பி-யில் இருந்து கணக்கில் இல்லாத பில்களைத் தானாகவே எடுத்து அனுப்பும்படி சாப்ட்வேரில் முன்பே யாரோ ஒரு ரிப்போர்ட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது அக்கவுண்ட்ஸ் லாகின் யாருடையதோ அவர் பெயரில் போகும். அதில் எனக்குக் காப்பி கிடையாது. மாதாமாதம் என் பெயரில் அவர்மேல் புகார் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமலே. ஓனர் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பது பிறகு தெரிந்தது. அண்ணன் பாவம், ஓனர் முகம் கொஞ்சம் மாறினாலே அந்த லிஸ்ட்தான் என்று நினைத்திருக்கிறார்.

அப்ரூவல் விஷயம் இன்னும் மோசம். பேசியதைவிட எடை குறைந்தால் ஜி.ஆர்.என். விழாது, ஒப்புதல் கேட்டு நிற்கும். அவர் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார், திரையில் "Pending" என்று மட்டும் காட்டியிருக்கிறது. யாரிடம் பெண்டிங் என்று காட்டாது. அடுத்த கட்டம் அக்கவுண்ட்ஸ்தானே, அதனால் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் அவ்வளவும் முந்தைய புரொடக்‌ஷன் மேலாளரின் லாகினில் கிடந்தன. அவர் 2024 மார்ச்சிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். எடை ஒழுங்காக வரும் பட்டறைகளின் பில் தடங்கலில்லாமல் விழுந்ததற்கும், சிலருடையது மட்டும் நின்றதற்கும் இதுதான் காரணம். நின்றவற்றில் ஓனரிடம் நேரில் போய் நின்று ஒன்றிரண்டுக்குக் கையெழுத்து வாங்கிப் போட்டிருக்கிறார். அதுதான் எனக்கு "மனசு வந்தால் போடுகிறார்" என்று தெரிந்தது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஓனர் லாகினில் ஒப்புதல் வாங்கி அன்றே ஜி.ஆர்.என்., மறுநாள் பில். குறைந்த 28 கிலோவுக்குப் பட்டறைக்காரரோடு அண்ணனே பேசி பில்லில் அந்தத் தொகையைக் கழிக்கும் டெபிட் நோட்டுக்கு ஒத்துக்கொள்ள வைத்தார். பிப்ரவரி 4-ம் தேதியே இதைப் போனில் சொல்லியிருக்கிறார், எழுத்தில் இல்லாததால் கெடு தள்ளவில்லை. 19-ம் தேதி பணம் போனது, 20-ம் தேதி 3பி போட்டேன்.

உங்கள் ஆபீஸில் இப்படி ஏதாவது இருந்தால் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் தானாகப் போகும் மெயில் எதுவும் இருக்கிறதா என்று சாப்ட்வேர்காரரிடம் கேளுங்கள். யாராவது வேலையை விட்டுப் போனால், அவர் லாகினில் எந்த ஒப்புதல் நிற்கிறது என்று அன்றே பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது பில் ஏற்றும்போது கேட் இன்வர்டு தேதியையும் குறிப்பில் அடித்துவிடுகிறோம், கெடுவை அதிலிருந்து கையால் எண்ணுகிறேன். எடை குறைந்தால் அண்ணன் அன்றே பட்டறைக்கு மெயில் போடுகிறார், எனக்கும் காப்பி வைத்து. இந்த சி.சி. பரவாயில்லை.

அந்த ஆறு மணி ரிப்போர்ட்டை நிறுத்துவதுதான் இன்னும் முடியவில்லை. சாப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட்டில் பேசிய பையன், "அதை அட்மின் லாகின்ல நீங்களே நிறுத்திக்கலாம் மேடம்" என்றான். அட்மின் யார் என்று கேட்டேன். வேலையை விட்டுப் போன அதே புரொடக்‌ஷன் மேலாளர். லாகினை மாற்ற அட்மினிடமிருந்து மெயில் வர வேண்டுமாம். கத்தி முடித்த பிறகு டிக்கெட் போட்டுத் தந்தான், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று மெயிலும் வந்தது. நம்பினேன்.

சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15 காலையில் அண்ணனிடமிருந்து ஒரு ஃபார்வர்டு. என் பெயரில், 6:00 மணிக்கு, ஓனர் காப்பியோடு. மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்: "அம்மிணி, உங்க பேரு இன்னைக்கும் ஆறு மணிக்கே டூட்டிக்கு வந்துருச்சு. டிபன் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க."

அதை அப்படியே சப்போர்ட்டுக்கு அனுப்பினேன். புது டிக்கெட் நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.