முழங்கால் ஓ.சி.டி.: துளையிடுவதா, ஸ்க்ரூ போடுவதா?

ஜனவரி 9

13 வயதுப் பையன், கால்பந்து ஆடுகிறவன். நான்கு மாதமாக வலது முழங்காலில் ஓடினால் வலி, உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. விழுந்த நினைவு இல்லை. லேசான வீக்கம் உண்டு. முழங்கால் பூட்டிக்கொள்கிறதா, சிக்குகிறதா என்று இரண்டு விதமாகக் கேட்டோம். இரண்டுக்கும் இல்லை என்றே சொன்னான்.

கையில் கொண்டுவந்த எக்ஸ்ரே முன்பக்கத்திலிருந்து எடுத்தது, "இயல்பு" என்று ரிப்போர்ட். அதில் தெரியாமல் போவது ஆச்சரியமில்லை. ஓ.சி.டி. என்கிற ஆஸ்டியோகான்ட்ரைடிஸ் டிசெக்கன்ஸ், அதாவது மூட்டுக் குருத்தெலும்புக்கு அடியில் ஒரு எலும்புத் துண்டு தளர்ந்து பிரியும் நோய், பெரும்பாலும் தொடை எலும்பின் உள்பக்கக் குமிழில், நடுப்பள்ளத்தை ஒட்டி, சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்திருக்கும். முழங்காலை மடக்கி எடுக்கும் டனல் வியூவில்தான் அந்த இடம் படத்துக்கு முன்னால் வரும். எடுத்ததும் கிடைத்தது: முட்டை வடிவில் ஒரு துண்டு, அதைச் சுற்றி வெளிறிய இடைவெளி, அதற்கும் வெளியே தடித்த எலும்பு விளிம்பு. எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்தகடு நன்றாகத் திறந்திருக்கிறது. இடது காலையும் எடுத்தோம், சிலருக்கு இரண்டு காலிலும் இருக்கும். இவனுக்கு இல்லை.

ஜனவரி 16

எம்ஆர்ஐ வந்துவிட்டது. நோய்ப்பகுதி 18 மி.மீ. × 13 மி.மீ. ரிப்போர்ட்டில் "நிலையற்றது" என்று முடிவு, அதாவது துண்டு ஆடுகிறது, ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். காரணம், திரவத்தை வெள்ளையாகக் காட்டும் டி2 படத்தில் துண்டுக்கும் தாய் எலும்புக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு.

பெரியவர்களுக்கு அந்தக் கோடு ஒன்றே போதும், அடியில் மூட்டுத் திரவம் புகுந்துவிட்டது என்று பொருள். வளர்தகடு திறந்த பிள்ளைகளிடம் அதே கோடு குணமாகிக்கொண்டிருக்கும் இளந்திசுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டதுமே ஸ்க்ரூ என்று முடிவெடுத்தால், தேவையில்லாத அறுவை நிறைய நடக்கும்.

ஆகவே பிள்ளைகளிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம். ஒன்று, கோட்டின் வெண்மை. அதே தொடரில், அதே பிரகாச அமைப்பில், மூட்டுக்குள் தேங்கியிருக்கும் திரவத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே வெண்மை என்றால் கோடு திரவம்தான். திரையில் பிரகாசத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தால் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இன்னொரு கறுப்புக் கோடு. மூன்று, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்புத் தகடு பல இடங்களில் உடைந்திருப்பது. துண்டுக்கு அடியில் எலும்பில் வரும் நீர்க்கட்டிகளைப் பொறுத்தவரை, சின்னதாக ஒன்று இருந்தால் பொருட்படுத்துவதில்லை. பல இருந்தாலோ, ஒன்றே 5 மி.மீ.க்கு மேல் போனாலோதான் கவலை.

இவனுடைய கோடு சாம்பல், பக்கத்தில் திரவம் பளிச்சென்று வெள்ளை. வெளிக் கறுப்புக் கோடு இல்லை. எலும்புத் தகடு தொடர்ச்சியாக இருக்கிறது. நீர்க்கட்டி ஒன்று, 3 மி.மீ. ரேடியாலஜி டாக்டரோடு உட்கார்ந்து படத்தை மறுபடி பார்த்தோம். நிலையானது என்று ரிப்போர்ட் திருத்தப்பட்டது.

ஜனவரி 17

ஓட்டம், குதிப்பு, விளையாட்டு எல்லாம் நிறுத்தம். நடந்து பள்ளிக்குப் போகலாம். வலி அடங்கும்வரை சில வாரம் ஊன்றுகோல். "சும்மா இருந்தா சரியாயிடுமா சார்?" என்று அப்பா கேட்டார். வளர்தகடு திறந்த, நிலையான நோய்ப்பகுதிகளில் பாதிக்கு மேல் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் தானாக ஆறுகின்றன. அளவு பெரிதாக இருந்தாலோ, வீக்கமும் முழங்கால் சிக்குவதும் இருந்தாலோ வாய்ப்பு குறையும். இவனுடையது நடுத்தரம்.

ஜூலை 18

ஆறு மாதம் ஆயிற்று. வலி இல்லை என்கிறான். விளையாடாமல் இருப்பதால் வலி இல்லை, அதை வைத்து ஆறியதாக எடுத்துக்கொள்ள முடியாது. எக்ஸ்ரேயில் இடைவெளி அப்படியே இருக்கிறது, புது எலும்பு எங்கும் எட்டிப்பார்க்கவில்லை. மறு எம்ஆர்ஐயிலும் மாற்றம் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. நிலையானது, ஆனால் ஆறவில்லை. இதற்குத்தான் துளையிடுதல்: தாய் எலும்பிலிருந்து புது இரத்தக்குழாய்கள் துண்டுக்குள் நுழைய வழி செய்வது.

ஒப்புதல் படிவத்தில் துளையிடுதல், ஸ்க்ரூ இரண்டையும் எழுதி வாங்கினோம். எம்ஆர்ஐ என்ன சொன்னாலும், துண்டு ஆடுகிறதா என்பதை, மூட்டுக்குள் கேமரா விடும் ஆர்த்ரோஸ்கோபியில் புரோப் என்ற மெல்லிய கொக்கிக் கருவியால் தொட்டுத்தான் முடிவுசெய்வோம். தலையில்லா ஸ்க்ரூ செட் தியேட்டரில் தயாராக இல்லாமல் இந்தக் கேஸைத் தொடங்கக் கூடாது.

ஜூலை 30

பையனுக்கு இன்று ஆர்த்ரோஸ்கோபி. குருத்தெலும்பு எங்கும் கிழியவில்லை. புரோப்பால் அழுத்தினால் நோய்ப்பகுதிமேல் கொஞ்சம் மிருது, விளிம்பு லேசாகத் தெரிகிறது. ஓரத்தில் நெம்பிப் பார்த்தும் அசையவில்லை. துளையிடலாம்.

இரண்டு வழி உண்டு. மூட்டுக்குள்ளிருந்து குருத்தெலும்பு வழியாகத் துளைப்பது ஒன்று. வெளியிலிருந்து, வளர்தகட்டுக்குக் கீழே, எக்ஸ்ரே உதவியோடு துண்டின் பின்பக்கமாகத் துளைப்பது இன்னொன்று. இரண்டாவதில் குருத்தெலும்பு சேதமில்லை, ஆனால் குறிவைப்பது கடினம், எக்ஸ்ரே நேரமும் கூடும். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பி நேராக எட்டுகிற இடம் என்பதால் முதல் வழியையே எடுத்தோம்.

துளைக்க 1.1 மி.மீ. கே-வயர் என்ற மெல்லிய எஃகுக் கம்பி, துளைகளுக்கு நடுவே 3–4 மி.மீ. இடைவெளி, மேற்பரப்புக்குச் செங்குத்தாக. பலன் இல்லாமல் போவதற்குப் பொதுவான காரணம், கம்பி துண்டுக்குள்ளேயே நின்றுவிடுவது. தடித்த விளிம்பில் கம்பி கடினமாக முட்டும், அதைத் தாண்டியதும் சட்டென்று மெத்தென்று இறங்கும். அந்த இறக்கம் கையில் தெரிந்தாக வேண்டும். வளர்தகட்டைத் தொடாமல் நிறுத்த எக்ஸ்ரே பார்த்துக்கொள்கிறோம். கம்பி உள்ளே இருக்கும்போது உதவியாளர் முழங்காலை மடக்கினால் கம்பி வளையும், மூட்டுக்குள்ளேயே முறியவும் செய்யும். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். முடித்து, மூட்டுக்குள் திரவம் செலுத்தும் பம்பின் அழுத்தத்தைக் குறைத்ததும் துளைகளிலிருந்து இரத்தமும் கொழுப்புத் துளிகளும் வந்தன. வராத துளை தாய் எலும்பை எட்டாத துளை.

ஆறு வாரம் ஊன்றுகோல், பாரம் போடக் கூடாது. மடக்கி நீட்டுவது மறுநாளிலிருந்தே.

ஆகஸ்ட் 20

இது வேறு முழங்கால். 15 வயதுப் பெண், வளர்தகடு கிட்டத்தட்ட மூடிவிட்டது, முழங்கால் சிக்குகிறது. எம்ஆர்ஐயில் கோடும் திரவமும் ஒரே வெண்மை, வெளிக் கறுப்புக் கோடும் உண்டு. உள்ளே பார்த்தால் துண்டு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு, கீல் போட்ட கதவாகத் திறக்கிறது.

இங்கே துளை மட்டும் போட்டால் பலிக்காது. துண்டு ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே நுழையும் புது இரத்தக்குழாய்கள் அறுந்துபோகும். கீலை அறுக்காமல் துண்டைத் தூக்கினோம். அடியில் படிந்த நார்த்திசுவை க்யூரட்டால் இரத்தம் கசியும்வரை சுரண்டி, அடித்தளத்தில் துளைகள் போட்டோம். சுரண்டியதும் பள்ளம் ஆழமாகிவிடும். அப்படியே மூடினால் துண்டு தாழ்ந்து உட்காரும், சுற்றிலும் படி விழும். ஆகவே கால் எலும்பின் மேல்பகுதியிலிருந்து கொஞ்சம் பஞ்செலும்பு எடுத்து நிரப்பினோம். மூடி, இரண்டு மெல்லிய கம்பிகளால் பிடித்துவைத்து, தலையில்லா உலோக ஸ்க்ரூ இரண்டு. ஒன்று மட்டும் போட்டால் துண்டு அதைச் சுற்றித் திரும்பும். ஸ்க்ரூவின் வெளிமுனை குருத்தெலும்பு மட்டத்துக்குக் கீழே 2 மி.மீ. போக வேண்டும்.

கரையும் ஸ்க்ரூ ஏன் இல்லை என்று கேட்டார்கள். மறு அறுவை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அது முறிவதும், வெளியே நகர்வதும், சுற்றிலும் நீர்க்கட்டி உண்டாவதும் நடக்கிறது, எக்ஸ்ரேயில் கண்ணுக்கும் தெரியாது. அழுத்திப் பிடிப்பதில் உலோகம் மேல் என்பது எங்கள் எண்ணம்.

நவம்பர் 6

பையனுக்கு 14 வாரம். விளிம்பில் பாதிக்கு மேல் புது எலும்பு பாலம் போட்டிருக்கிறது. சைக்கிள், நீச்சல் சரி. ஓட்டத்துக்கு அடுத்த எக்ஸ்ரேயில் முழு விளிம்பும் சேர வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு 11 வாரம், துண்டு இடத்தில் இருக்கிறது. குருத்தெலும்பு சற்று அமுங்கினாலும் ஸ்க்ரூவின் வெளிமுனை எதிர்ப்பக்கக் குருத்தெலும்பைக் கீறிவிடும், புதிதாக வலியோ உரசலோ வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சேர்ந்தது எக்ஸ்ரேயில் உறுதியானால் டிசம்பரில் ஸ்க்ரூ எடுக்கிறோம். எடுக்கும்போதே புரோப்பால் துண்டை மறுபடி நெம்பிப் பார்ப்போம்.