பெங்களூரா விலை எந்த அட்டவணையில்?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் கொள்முதல் கணக்கை எக்செலிலிருந்து தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. எல்லாம் ஒரே அட்டவணை. எடைச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. அதில் தேதி, விவசாயியின் பெயர், ஊர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், பெங்களூரா போன்ற மாம்பழ ரகம், எடை, கிலோ விலை. சந்தூர்க்காரர் ஒருவர் பருவம் முழுவதும் லோடு அனுப்பினால், அத்தனை வரிசையிலும் அவருடைய கணக்கு எண் இருக்கும். நடுவில் அவர் வங்கியை மாற்றிக்கொண்டால் சில வரிசைகளில் புதிய எண், மற்றவற்றில் பழையது. பணம் எங்கே போய்ச் சேரும் என்பது, எழுத்தர் அன்று எந்த வரிசையை நகலெடுத்தார் என்பதைப் பொறுத்தது!

எது தெரிந்தால் எது தீர்மானமாகிவிடும் என்று பார்த்துத்தான் இந்த ஒரே அட்டவணையைப் பல அட்டவணைகளாகப் பிரிக்க வேண்டும். தரவுத்தள ஆய்வாளர் எட்கர் காட் 1971-இல் சொன்ன மூன்றாம் இயல்பு வடிவத்தின் அடிப்படை இதுதான். விவசாயி யார் என்று தெரிந்தால் ஊரும் கணக்கு எண்ணும் தெரிந்துவிடும். சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே அவை விவசாயி அட்டவணைக்குப் போக வேண்டும்.

ஆனால் ஒரு விவசாயியை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? கைபேசி எண் போதும் என்றார் கணக்காளர். ஒரே கைபேசி எண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு எண்கள் வருகின்றனவா என்று சோதித்துப் பார்த்தேன்:

```sql
SELECT phone, COUNT(DISTINCT account_no)
FROM purchase
GROUP BY phone
HAVING COUNT(DISTINCT account_no) > 1;
```

வந்த பட்டியலில் பாதி, வங்கி மாற்றியவர்கள். மீதி, ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பழம் போடும் அப்பாவும் மகனும். இந்த இரண்டையும் கணினியால் பிரித்தறிய முடியாது. எடைமேடைக்காரரை உட்கார வைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டுத்தான் தீர்த்தோம். ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்தோம். சீட்டில் அந்த எண் மட்டும் இருந்தால் போதும்.

அடுத்த பேச்சு விலையைப் பற்றி வந்தது. "பெங்களூரா, பெங்களூரான்னு எல்லா வரிசையிலும் ஒரே விலை வருதே தம்பி, அதையும் ரக அட்டவணையில் போட்டுடலாமே" என்றார் கணக்காளர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கிலோ 18 ரூபாய்க்கு 2,000 கிலோ வாங்கிய சீட்டுக்கு 36,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. மறுவாரம் ரக அட்டவணையில் விலையை 14 என்று திருத்தினால், அந்தப் பழைய சீட்டும் 28,000 என்று காட்டும். விலை ரகத்தை மட்டும் சார்ந்ததல்ல. நாளுக்கு நாள் மாறுகிறது. அடிபட்ட லோடுக்கு மேலாளர் அங்கேயே குறைக்கவும் செய்கிறார். ஐம்பது சீட்டில் 18 என்று இருந்தாலும் அவை ஐம்பது தனித்தனிப் பேரங்கள். எனவே விலையைச் சீட்டிலேயே விட்டேன். எடையையும் விலையையும் பெருக்கி வரும் தொகையைத்தான் சேமிக்கவில்லை.

பழைய அட்டவணையில் எடை பூஜ்ஜியம் என்று சில வரிசைகள் இருந்தன. பருவம் தொடங்குமுன் பெயர் பதிந்தவர்களை எழுதிவைக்க வேறு இடம் இல்லாததால் போட்ட சீட்டுகள் அவை. விவசாயி அட்டவணை வந்ததும் அவற்றை நீக்கினோம். லோடுக்குச் சராசரி எடை எவ்வளவு என்று பார்த்தபோது, முன்பு வந்ததைவிட அதிகமாக இருந்தது.