கடிகாரம் மாறிய ஞாயிறு

நேற்று எங்கள் வீடியோ கால் படிப்புக்கு வழக்கம்போல இரவு 8:30க்கு வந்தேன். பாதிப் பாடம் முடிந்திருந்தது! டொராண்டோவில் இருக்கும் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், தன் காலை 10 மணிக்குத்தான் காலண்டரில் அழைப்பு போட்டிருந்தார். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். எனக்கு அது 7:30 ஆகிவிட்டது. லண்டன் தங்கைக்கு மதியம் 3 மணி 2 ஆனது. அங்கே மாதத்தின் கடைசி ஞாயிறுதான் மாறும், அப்போது மறுபடி 3.

சரி, இந்தியாவில் நேரம் மாறுவதே இல்லை. அதனால் இனி அழைப்பை நானே போடுகிறேன், இரவு 8:30. அண்ணனுக்குக் கோடை முழுக்கக் காலை 11.

அப்புறம், நேற்று தங்கை ஒரு கணக்கைப் போடாமல் எனக்காகவே வைத்திருந்தாள். மூவரும் சேர்ந்துதான் போட்டோம்.