உடுப்புப் படமும் கிரெடிட் கணக்கும்: சாறிக் கரையில் கரைந்த காசு

“500 கிரெடிட், 50 படம், 10 டொலர்.” விளம்பரத்தில் இவ்வளவுதான் இருந்தது. பொம்மையில் போட்ட உடுப்பைப் படமெடுத்துக் கொடுத்தால், அதை ஒரு மொடல் பெண் உடுத்தி நிற்பதுபோல் மாற்றித் தரும் ஏஐ செயலி. திருகோணமலையில் மத்திய வீதிப் பக்கம் சின்ன உடுப்புக்கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மொடலும் போட்டோக்காரரும் கட்டுபடியாகாது. பாதி வியாபாரம் வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் நடக்கிறது. கிண்ணியா, மூதூர், மட்டக்களப்பு என்று கூரியரில் போகும் பார்சல்கள் எல்லாமே படத்தைப் பார்த்துக் கேட்டவைதான். ஆகவே தீபாவளிச் சரக்கு வந்ததும் காசைக் கட்டினேன்.

பதிவு செய்வது, கார்ட் போடுவது எல்லாம் சுலபமாக முடிந்தது. வில்லங்கம் எல்லாம் கணக்கில்தான்.

முதலில் டொலர். 300 ரூபாய் என்று பெருக்கினால் 3,000 வர வேண்டும். வங்கி தன் மாற்று விகிதத்தையும் வெளிநாட்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கழித்தது 3,200 சொச்சம். அதை 500ஆல் வகுத்தால் ஒரு கிரெடிட் 6 ரூபாய் 40 சதம். கணக்கை இந்த எண்ணில் இருந்துதான் தொடங்க வேண்டும், விளம்பரத்தில் இருக்கும் டொலரில் இருந்து அல்ல.

அடுத்தது, படத்துக்கு 10 கிரெடிட் என்பது ஒரு தடவை அழுத்துவதற்கு. படம் நன்றாக வந்தாலும் கழியும், மூன்று கையோடு வந்தாலும் கழியும். வரும் படமும் சின்னது. போஸ்ட் போடுகிற அளவுக்குப் பெரிதாக இறக்க இன்னும் 5 கிரெடிட். இதைவிடப் பெரிய ஓட்டை ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி: Outputs என்ற இடத்தில் 4 என்று அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு தரம் அழுத்தினால் நான்கு படம் வரும், 40 கிரெடிட் போகும். செயலியைத் திறந்தவுடன் அதை 1 ஆக்குங்கள். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் பாருங்கள். என்னுடையது தானாகவே மறுபடி 4க்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒரு தடவைக்கு 64 ரூபாய், பெரிதாக்க 32. இனித்தான் உண்மையான கேள்வி: பாவிக்கக்கூடிய ஒரு படத்துக்கு எத்தனை தரம் அழுத்த வேண்டும்?

இதற்கு ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் போதும். மூன்று கோடு: உடுப்பு வகை, அழுத்தியது, தேறியது. வகை பிரித்து எழுதுவது முக்கியம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி பார்த்தால் எதுவுமே விளங்காது. என் கொப்பியில் டிசைன் இல்லாத ரீஷேர்ட், குர்தா, ஒற்றை நிறச் சல்வார் எல்லாம் நாலுக்கு மூன்று தேறின. கரை போட்ட சாறி ஐந்துக்கு ஒன்று.

சாறி ஏன் அப்படி என்றால், அந்த ஏஐ உடுப்பை வெட்டி ஒட்டுவதில்லை, பார்த்துத் திரும்ப வரைகிறது. ஒற்றை நிறத் துணியில் கொஞ்சம் மாறி வரைந்தாலும் தெரியாது. சரிகைக் கரையில் தெரிந்துவிடும். பொம்மையில் இருந்தது வரிசையாக மாங்காய்க் கரை. வந்த படத்தில் இடுப்புவரை மாங்காய், கொசுவத்தில் ஏதோ பூ, முந்தானையில் வெறும் கோடு. போனில் முழுப்படமாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கி, கரையை முந்தானையில் இருந்து கால்வரை தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். நான் இப்போது பார்க்கும் ஒழுங்கு: முதலில் கரை, பிறகு கழுத்தும் பொத்தானும், கடைசியாக விரல்கள். முகத்தைக் கடைசியிலும் பார்ப்பதில்லை, அது எப்போதும் வடிவாகத்தான் வரும். அதுதான் ஏமாற்றும்.

கரை மாறிய படத்தை “யார் கவனிக்கப் போகிறார்கள்” என்று போட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பில் இருந்து ஒரு அக்கா பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “படத்தில இருந்தது இது இல்லையே” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம். இரண்டு பக்கக் கூரியர் காசும் என் தலையில். ஒரு பார்சல் திரும்பினால் பல படங்களில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

இப்போது கணக்கைப் போடுவோம். ஒற்றை நிற உடுப்பு: நாலுக்கு மூன்று தேறுவதால் ஒரு நல்ல படத்துக்கு 64ஐ 4ஆல் பெருக்கி 3ஆல் வகுக்க 85, பெரிதாக்க 32, மொத்தம் 117 ரூபாய். சாறி: ஐந்து தடவை 320, அதோடு 32, மொத்தம் 352.

உப்புவெளியில் ஒரு தம்பி இருக்கிறான். ஸ்ரூடியோவில் கலியாண ஆல்பம் செய்கிறவன். பொம்மையில் ஒழுங்காகக் கட்டி எடுத்த சாறிப் படத்தை அனுப்பினால், பின்புறத்தை வெட்டி, பொம்மையின் கழுத்தையும் ஊசியையும் மறைத்து, சுருக்கத்தை நீவித் தர 250 ரூபாய். மொடல் பெண் இருக்கமாட்டாள். ஆனால் கரை கடையில் இருக்கும் அதே கரை. சாறி வாங்குகிறவர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

இதில் “எத்தனை தரம் முயன்று பார்த்துவிட்டு விடுவது?” என்பதில்தான் அதிகம் குழம்பினேன். போன காசைப் பார்த்து, “இவ்வளவு செலவழித்துவிட்டோமே, இன்னும் ஒரு தரம்” என்று அழுத்தினால் முடிவே இராது. போனதை மறந்துவிட்டு அடுத்த 64 ரூபாயை மட்டும் பாருங்கள். அது வெற்றியானால் தம்பிக்குக் கொடுக்கும் 250 மிச்சம், பெரிதாக்க 32 போகும், கையில் நிற்பது 218. 64ஐ 218ஆல் வகுத்தால் 0.29. அதாவது அந்த வகை உடுப்பு பத்துக்கு மூன்றாவது தேறினால்தான் அழுத்துவதில் அர்த்தம் உண்டு. சாறி பத்துக்கு இரண்டு. ஆகவே சாறிக்கு முதல் தடவைகூட அழுத்தக் கூடாது, நேரே தம்பியிடம் போக வேண்டும்.

புதிய வகை வந்தால் இரண்டு உடுப்பை மட்டும் சின்னப் படமாகச் சோதிக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிப் பிழைத்தால் அது துரதிர்ஷ்டம் இல்லை, அந்தத் துணியே அதற்கு ஒத்துவராது. அதே படத்தை, செயலிக்கு எழுதிக் கொடுக்கும் அதே வசனத்தைத் திரும்ப அழுத்துவது வீண். ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு அழுத்தினால் பலன் இருக்கும். அயன் பண்ணி, கடை வாசல் வெளிச்சத்தில், துணியின் நிறத்துக்கு எதிரான வெறும் சுவருக்கு முன்னால், கைநுனி முதல் அடிவரை முழுதாக விழும்படி எடுத்ததுதான் எனக்கு அதிகம் உதவியது. ரியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தவைதான் நிறம் மாறி வந்தன.

இன்னொரு விஷயம், கிரெடிட்டை உதிரியாக வாங்க முடியாது, 500 கொண்ட பொதியாகத்தான் வாங்க வேண்டும். தீபாவளிச் சரக்கில் 27 ஒற்றை நிற உடுப்பும் 10 கரைச் சாறியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 27க்கு 36 தடவை, 360 கிரெடிட், பெரிதாக்க 135, மொத்தம் 495. ஒரு பொதிக்குள் அடங்கிவிடுகிறது. பத்துச் சாறிக்கு 50 தடவை, 500 கிரெடிட், பெரிதாக்க 50, ஆக 550. எல்லாவற்றையும் செயலியிலேயே செய்தால் 1,045 கிரெடிட். இரண்டு பொதி போதாது, அந்த 45க்காக மூன்றாவதும் வாங்க வேண்டும்: 9,600 ரூபாய். சாறியைத் தம்பியிடம் கொடுத்தால் 3,200உம் 2,500உம் சேர்த்து 5,700. மிஞ்சிய கிரெடிட் அடுத்த மாதத்துக்கு வரும் என்று நம்பவும் வேண்டாம். மாதத் திட்டத்தில் மாத முடிவோடு அழிந்துவிடும் என்பது விதிமுறைப் பக்கத்தின் அடியில்தான் இருந்தது. தைப்பொங்கல், புத்தாண்டு, தீபாவளி என்று விட்டுவிட்டு வேலை வரும் கடைக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பது சரிவராது. சரக்கு வரும்போது வாங்கிவிட்டு, தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஒரே டிசைனில் ஆறு நிறம் வருகிற ரீஷேர்ட்டுக்கு வேறு வழி. ஆறையும் செயலியில் செய்தால் 702 ரூபாய், அதிலும் ஒவ்வொன்றிலும் ஆளும் நிற்கிற விதமும் வேறு வேறு. ஒன்றை மட்டும் 117க்கு எடுத்து, மற்ற ஐந்தைத் தம்பி நிறம் மாற்றினால் ஒன்றுக்கு 60 வீதம் 300, மொத்தம் 417. சட்டையை ஒரு தரம் தெரிவு செய்து வைத்துவிட்டால் மற்ற நிறமெல்லாம் அவனுக்கு நிமிட வேலை. நான் முதலில் கறுப்பை அனுப்பியபோது, “அக்கா, கறுப்பில இருந்து மாத்தேலாது. வெள்ளை, இல்லாட்டிச் சாம்பல் நிறத்தத் தாங்க” என்றான். போட்டோஷொப்பில் Colorize போடாமல் Hue/Saturation எவ்வளவு இழுத்தாலும் நிறமே இல்லாத துணியில் நிறம் பிறக்காது. வெள்ளையில் மடிப்பின் நிழல் முழுதாக இருக்கும், அதன்மேல், நிழலை மறைக்காமல் நிறத்தைக் கலக்கும் Multiply வைத்து எந்த நிறத்தையும் ஏற்றலாம். கறுப்பில் அந்த நிழலே புதைந்துபோயிருக்கும். கடைசியில் உண்மைத் துணியைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்து, நிறம் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

செயலிக்காரரிடம் நான் வென்ற ஒரே இடம் நைற்றி. வீட்டில் போடும் சாதாரணப் பருத்தி நைற்றியை அவர்களின் வடிகட்டி “தகாத உள்ளடக்கம்” என்று தடுத்தது. படம் தரவில்லை, கிரெடிட்டை மட்டும் கழித்தது. உதவிப் பிரிவு முதலில் அனுப்பியது எல்லோருக்கும் அனுப்பும் அதே பதில். பிறகு செயலியின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தடவைக்கு இருந்த வேலை இலக்கத்தையும், வெறுமையாக இருந்த திரையின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். திருப்பிப் போட்டார்கள். கரை மாறிய சாறிகளுக்குக் கேட்டபோது, படம் வந்துவிட்டது, பிடிக்காதது எங்கள் பிழை இல்லை என்றார்கள். ஆகவே தடுக்கப்பட்டதற்கும் பாதியில் நின்றதற்கும் கேளுங்கள், கிடைக்கும். அசிங்கமாக வந்ததற்குக் கிடைக்காது.

இப்போது அதே செயலியில் படம் வரையும் ஏஐயின் புதிய பதிப்பை விட்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 20 கிரெடிட். சோதித்ததில் கரை பரவாயில்லை, இரண்டுக்கு ஒன்று தேறுகிறது. ஆனால் 128ஐ 218ஆல் வகுத்தால் 0.59, பத்துக்கு ஆறு தேற வேண்டும். ஐந்துதான் வருகிறது. சாறி இன்னும் உப்புவெளிக்குத்தான் போகிறது. ரீஷேர்ட்டும் குர்தாவும் பழைய 10 கிரெடிட் பதிப்பில், அதை அவர்கள் தூக்கும்வரைக்கும்.