மாதத் தவணை குறைவு, மொத்த வட்டி அதிகம்: மூன்று கடன்களை ஒப்பிட்ட கதை

எனக்குத் தேவைப்பட்டது 2,00,000. மூன்று இடங்களில் விசாரித்தேன். மூன்று பேரும் மாதத் தவணையைத்தான் முதலில் சொன்னார்கள். மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று நானாகக் கேட்டபோதுதான் கால்குலேட்டர் வெளியே வந்தது.

முதல் இடத்தில் 14 சதவீத வட்டி, 36 மாதம், தவணை 6,836. பிராசஸிங் கட்டணம் தனியாக 4,000. இரண்டாவது இடத்தில் 12.5 சதவீதம், 60 மாதம், தவணை 4,500, கட்டணம் இல்லை. மூன்றாவது இடத்தில் "வெறும் 9 சதவீதம்தான் சார்" என்றார்கள். 36 மாதம், தவணை 7,056.

அந்த 9 சதவீதம்தான் முதலில் உறுத்தியது. வட்டி குறைவு என்றால் அதே 36 மாதத்துக்குத் தவணை ஏன் முதல் இடத்தைவிடக் கூடுகிறது? அது ஃபிளாட் வட்டி. அசல் மாதாமாதம் குறைந்தாலும், கடைசி மாதம்வரை முழு 2,00,000-க்கும் வட்டி போடுவார்கள். மூன்று வருடத்துக்கு 54,000. மற்ற இரண்டு இடங்களிலும் பாக்கி அசலுக்கு மட்டும்தான் வட்டி. அந்தக் கணக்கில் இந்த 9 என்ன ஆகிறது என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன்:

```
=RATE(36,-7055.56,200000)*12
```

16 சதவீதத்துக்கும் மேல் வந்தது. அதோடு அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

மீதி இரண்டுக்கும் தவணையை மாதங்களால் பெருக்கி, அசலைக் கழித்தேன். முதல் இடத்தில் வட்டி சுமார் 46,100, கட்டணத்தோடு 50,100. இரண்டாவதில் வட்டி விகிதம் குறைவு, தவணையும் குறைவு, ஆனால் மொத்த வட்டி கிட்டத்தட்ட 70,000! இரண்டு வருடம் கூடுதலாக இழுப்பதற்கான விலை அது.

இங்கேயே முடிவு செய்திருந்தால் முதல் இடம்தான். ஆனால் என்னால் மாதம் 6,836 கட்ட முடியும் என்றால், அதே தொகையை இரண்டாவது இடத்தில் கட்டினால் என்ன ஆகும்? 36-வது மாதத்தில் ஒரு சின்னத் தொகையோடு கடன் முடிந்துவிடுகிறது. வட்டி ஏறத்தாழ 39,800 மட்டுமே. கை இறுகும் மாதத்தில் 4,500 கட்டினாலும் போதும் என்பது தனி நிம்மதி.

இது நடக்க, கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு அபராதம் இருக்கக் கூடாது. முதல் மாதத்திலிருந்தே கட்ட விட வேண்டும். இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். இன்னொன்றையும் எழுதி வாங்கினேன்: கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும், அடுத்த தவணைக்கு முன்பணமாக நிற்கக் கூடாது. முதல் மாத ஸ்டேட்மென்ட்டில் இதைச் சரிபார்த்தேன். 6,836-இல் வட்டி 2,083 போக மீதி 4,753 அசலில் கழிந்து, பாக்கி 1,95,247 என்றிருந்தது.